காஸ்மெசூட்டிக்கல் என்ற சொல்லுக்குக் காசு கொடுக்கும் முன்

போன மாதம் சித்தி ஒரு க்ரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 30 கிராம், விலை 1,100 ரூபாய். கண்ணோரச் சுருக்கத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர், "இது சும்மா காஸ்மெட்டிக் இல்லம்மா, காஸ்மெசூட்டிக்கல். மருந்து மாதிரி உள்ள போய் வேலை செய்யும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "அப்ப இது மருந்தா, க்ரீமா?" என்பது சித்தியின் கேள்வி.

அது க்ரீம்தான். சட்டப்படி வெறும் அழகுப் பொருள். சித்தி செய்த முதல் தவறு, பலரும் செய்வதுதான்: காஸ்மெட்டிக்குக்கு மேலே, மருந்துக்குக் கீழே நடுவில் ஒரு படி இருக்கிறது, யாரோ பரிசோதித்துத்தான் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுவது. இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் அந்த இரண்டு வகைகளுக்கும் தனித்தனி விளக்கம் தருகிறது. காஸ்மெசூட்டிக்கல் என்று ஒரு வகை அதில் கிடையாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் தங்கள் சட்டம் அப்படி ஒரு வகையை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்குத் தனி உரிமமோ தனிச் சோதனையோ தேவையில்லை.

காஸ்மெட்டிக், ஃபார்மசூட்டிக்கல் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. 1980-களில் இதைப் பரப்பியவர் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின் என்ற மருந்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். அதைத் தடவியவர்களுக்கு வெயிலால் வந்த மெல்லிய சுருக்கங்களும் குறைவது பிறகு தெரியவந்தது. தோலில் உண்மையாகவே மாற்றம் செய்யும் பொருட்கள், வெறும் பூச்சுகள், இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது சரியில்லை என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் அந்தச் சொல்லை ஏற்கவில்லை, விளம்பரம் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் எந்த வகை என்பதை முடிவு செய்வதில், விற்பவர் அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. "தோலின் அமைப்பை மாற்றும்" என்று சொன்னால் அது மருந்துக்கான பேச்சு. அப்படிச் சொல்பவர் அதற்கான சோதனைகளைச் செய்து ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் டப்பாவில் "சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்" என்று எழுதுகிறார்கள். தோற்றம் என்ற அந்த ஒரு வார்த்தை தவறி விழுந்தது இல்லை. வாக்கியத்தில் சொல்ல முடியாததைக் காஸ்மெசூட்டிக்கல் என்ற பெயர் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? சித்தியின் டப்பாவையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பெரிய எழுத்தில் "ரெட்டினால் காம்ப்ளெக்ஸ்". ரெட்டினால் என்பது சுருக்கத்துக்காகத் தடவும் ஒரு வைட்டமின் ஏ வகை. பின்பக்கம் பொடி எழுத்தில் பொருட்களின் பட்டியல். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், இரண்டு மூன்று எண்ணெய்ப் பொருட்கள், அப்புறம் ஃபீனாக்சிஎத்தனால், அதற்கும் பின்னால் வாசனை, கடைசிக்கு முன்னால் ரெட்டினைல் பால்மிடேட்.

பட்டியலில் அதிக அளவில் உள்ளது முதலில் வர வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் அவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் போட மாட்டார்கள். ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அது அரை சதவீதமா, அதில் நூறில் ஒரு பங்கா என்பது பட்டியலில் தெரியாது. ரெட்டினால் வகைப் பொருள் கொஞ்சமாக இருந்தாலும் வேலை செய்யக்கூடியது, அதனால் இடத்தை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிடவும் முடியாது. அளவைச் சொல்லாததுதான் சிக்கல்.

இரண்டாவது, பெயர். ரெட்டினைல் பால்மிடேட் வேறு, ரெட்டினால் வேறு, ட்ரெட்டினாயின் வேறு. தோலில் நேராக வேலை செய்வது ரெட்டினாயிக் அமிலம். ட்ரெட்டினாயின் என்பது அந்த அமிலமேதான். ரெட்டினால் தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் அந்த அமிலமாகும். ரெட்டினைல் பால்மிடேட்டோ முதலில் ரெட்டினாலாகி, பிறகு அந்த இரண்டு படியையும் கடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வீரியம் குறையும். முன்பக்கம் ரெட்டினால் என்ற பெயரைக் காட்டி, உள்ளே வீரியம் குறைந்ததை வைத்திருப்பதால் "காம்ப்ளெக்ஸ்" என்ற வார்த்தை தேவைப்படுகிறது.

பக்கத்தில் ஒரு ட்ரெட்டினாயின் டியூபை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதில் மருந்தின் பெயரோடு 0.025 சதவீதம் அல்லது 0.05 சதவீதம் என்று அளவு அச்சிட்டிருக்கும், டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். மருந்து என்றால் அளவைச் சொல்லியே ஆக வேண்டும். அழகுப் பொருளுக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை.

ஆராய்ச்சியைக் காட்டி விற்பதும் உண்டு. ரெட்டினாலுக்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வயது முதிர்ந்தவர்களின் ஒரு கையில் 0.4 சதவீத ரெட்டினால் கலந்த லோஷனும், மறு கையில் ரெட்டினால் இல்லாத அதே லோஷனும் வாரம் மூன்று முறை வரை 24 வாரம் தடவினார்கள். ரெட்டினால் பக்கம் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன. ஆனால் அந்த முடிவு அந்த அளவு ரெட்டினாலுக்கு உரியது. அளவு தெரியாத ரெட்டினைல் பால்மிடேட் க்ரீமுக்கு அதை மாற்றி எழுத முடியாது. "தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது" என்ற வரியும் அப்படித்தான். பெரும்பாலும் அது எரிச்சல் வருகிறதா என்று பார்த்த சோதனை, பலனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதைக் கேட்டு, காஸ்மெட்டிக் எல்லாமே ஏமாற்று என்ற முடிவுக்குப் போவதும் தவறுதான். ரெட்டினால் 0.3 சதவீதம் என்று அளவைச் சொல்லி, காற்றும் வெளிச்சமும் புகாத டியூபில் வரும் சாதாரண க்ரீம்கள் இருக்கின்றன. சித்தியின் டப்பா வாயகன்ற கண்ணாடி ஜாடி, தினமும் திறந்தால் உள்ளே இருப்பது கெட்டுக்கொண்டே வரும். இன்னொன்று, சட்டமே இப்படி ஒரு நடு வகையை வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. தென்கொரியாவில் "செயல்பாட்டு அழகுசாதனம்" என்பது சட்டப்படியான பிரிவு. முகத்தைப் பளிச்சிடச் செய்யும் என்று சொல்ல நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வகையைச் சேர்த்தால் 2 முதல் 5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகள் அங்கே பட்டியலாகவே உண்டு. அங்கே அந்த முத்திரைக்குப் பொருள் இருக்கிறது.

வீரியமான ரெட்டினால் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் இந்தக் குடும்பத்துப் பொருட்களைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் வாரம் இரண்டு இரவு என்று தொடங்கி, பகலில் சன்ஸ்கிரீன் போட வேண்டும்.

சித்தி அந்த ஜாடியை மாய்ச்சரைசராகத் தீர்த்துவிடப் போகிறார், அதற்கு அது நன்றாகவே இருக்கிறது. கிளிசரின் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருக்கிறதே.