பைலட் சர்வேக்கு முன் ஆல்ஃபா: ஒரு ஷூ கம்பெனி கேள்வித்தாளை வைத்து

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்க வேண்டியிருந்தது. லைன் சூப்பர்வைசர் அவர்களை எப்படி நடத்துகிறார் என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு கேள்வி போதாது. அன்றைக்கு வீட்டில் சண்டை என்றால் பதில் மாறிவிடும். அதனால் ஒரே விஷயத்தைச் சுற்றி நாலைந்து வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 5 (முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்) வரை மதிப்பெண் கேட்கிறோம். 1932-இல் ரென்சிஸ் லைகர்ட் காட்டிய வழி இது.

முதல் வேலை, வாக்கியங்களை எழுதுவது. பாதி நேரம் இதற்கே போகட்டும். 'சம்பளமும் ஓ.டி. பணமும் சரியாகக் கிடைக்கிறது' என்று நான் முதலில் எழுதியிருந்தேன். சம்பளம் சரி, ஓ.டி. இழுபறி என்பவர் எதை டிக் செய்வார்? ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும்.

எல்லா வாக்கியமும் நல்லதாகவே இருந்தால், யோசிக்காமல் வரிசையாக 4, 4, 4 என்று போட்டுவிடுவார்கள். அதனால் குறை சொல்லும் வாக்கியம் ஒன்றாவது வேண்டும். இங்கே தமிழில் ஒரு வில்லங்கம் உண்டு. 'சூப்பர்வைசர் திட்டுவதில்லை' என்று படித்துக் காட்டினால் ஒருவர் 'ஆமாங்க, திட்டமாட்டாரு' என்பார், அடுத்தவர் 'இல்லீங்க, திட்டமாட்டாரு' என்பார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், ஆனால் தாளில் ஒன்று 5 ஆகவும் மற்றது 1 ஆகவும் ஏறிவிடும். 'இல்லை' வராமல் குறையைச் சொல்லுங்கள்: 'தப்பு நடந்தால் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்.'

கடைசியில் நின்றவை இந்த நான்கு:

1. வேலையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்.
2. நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்.
3. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்.
4. தப்பு நடந்தால் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்.

அடுத்தது, பைலட் சர்வேக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. சூப்பர்வைசர் கண்ணில் படும் இடத்தில் கேட்காதீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டால் பதில் உண்மையாக வரும். 30 பேராவது வேண்டும். கணக்கு புரிவதற்காக இங்கே ஆறு பேரை மட்டும் காட்டுகிறேன். எக்செல் தாளில் B முதல் E வரை நான்கு வாக்கியங்கள், முதல் வரிசை தலைப்பு, இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வரிசைக்கு ஒருவர்:

```
B  C  D  E
4  4  5  2
2  3  2  4
5  4  5  1
3  3  3  3
4  5  4  2
2  2  3  5
```

பார்க்க வேண்டியது, நான்கும் சேர்ந்து ஒரே விஷயத்தைப் பேசுகின்றனவா என்பது. 1951-இல் லீ கிரோன்பாக் எழுதிய கட்டுரையால் பரவலான ஆல்ஃபா என்ற எண் இதைச் சொல்லும். பத்தாம் வகுப்பில் படித்த விலக்க வர்க்கச் சராசரி போதும், ஆனால் ஆறு பேர் என்றால் ஆறால் வகுக்காமல் ஒன்று குறைத்து ஐந்தால் வகுக்க வேண்டும். நான்கு வாக்கியங்களுக்கும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்துக் கூட்டினால் 6.2 வரும். ஆறு பேரின் மொத்த மதிப்பெண்களுக்கு அது 3.47. கீழே வரும் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் ஆல்ஃபா -1.05!

மைனஸ் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குறை சொல்லும் வாக்கியத்தை. நான்காவதில் 5 என்றால் மோசமான சூப்பர்வைசர், மற்றவற்றில் 5 என்றால் நல்லவர். திருப்பாமல் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். 6-இலிருந்து கழித்தால் சரியாகிவிடும். F-இல் திருப்பிய மதிப்பெண்ணும் G-இல் மொத்தமும் வரும்படி இரண்டாம் வரிசையில் இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
F2: =6-E2
G2: =B2+C2+D2+F2
```

அப்புறம் ஒரு காலிக் கட்டத்தில்:

```
=(4/3)*(1-(VAR.S(B2:B7)+VAR.S(C2:C7)+VAR.S(D2:D7)+VAR.S(F2:F7))/VAR.S(G2:G7))
```

4 என்பது வாக்கியங்களின் எண்ணிக்கை, 3 அதில் ஒன்று குறைவு. இப்போது மொத்தத்தின் விலக்க வர்க்கச் சராசரி 21.47 ஆக ஏறி, ஆல்ஃபா 0.95 வருகிறது.

பொதுவாக 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். 0.95 பார்த்துத் துள்ள வேண்டாம். ஆறு பேரை வைத்து வந்த எண் அது, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் எங்கேயோ போய்விடும். 30 பேரிடமும் இவ்வளவு வந்தால், ஒரே வாக்கியத்தையே வார்த்தை மாற்றி எழுதிவிட்டோமோ என்று பாருங்கள். சம்பளம் பற்றிய வாக்கியங்கள் தாளில் இருந்தால் அவற்றுக்குத் தனி ஆல்ஃபா போடுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

0.7-க்குக் கீழே வந்தால், ஒவ்வொரு வாக்கியமாக விட்டுவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். எதை விட்டால் எண் நன்றாக ஏறுகிறதோ அதுதான் ஒட்டாதது. ஆனால் உடனே வெட்டிவிடாமல், பதில் சொன்னவரிடமே போய்க் கேளுங்கள். 'கேட்டால் லீவு தருகிறார்' என்று ஒரு வாக்கியம் முதலில் இருந்தது, அது ஒட்டவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு அக்கா சொன்னார்: "லீவு அவரு கையில எங்கப்பா இருக்கு? அது ஆபீஸ்ல குடுக்கிறது."