ஆர்டர் எஸ்எம்எஸ்: தமிழில் 70 எழுத்துதான்

வூகாமர்ஸில் கடை நடத்துகிறீர்களா? பணம் வந்ததும் ஆர்டர் `Processing` நிலைக்குப் போகும்; மின்னஞ்சல் தானாகவே கிளம்பும். அது ஸ்பாமில் விழாமலிருக்க, ஹோஸ்டிங் சர்வரை நம்பாமல் எஸ்எம்டிபி சேவை வழியாக அனுப்புங்கள். தலைவலி எஸ்எம்எஸ்ஸில்தான்.

இந்தியாவில் கடையையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலான வாசகத்தில் பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் செய்தி வாடிக்கையாளரைச் சேராது. கடைப் பக்கத்தில் எந்தப் பிழையும் தெரியாது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் டெலிவரி அறிக்கையில்தான் தெரியும். இணைப்பு சேர்ப்பதானால் அதையும் பதிய வேண்டும்.

ஆகவே பதியும் முன்பே நீளத்தை எண்ணிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால், நம் கண்ணுக்கு நான்கெழுத்தான 'உங்கள்' ஆறு இடத்தைத் தின்கிறது. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். நான் வைத்திருக்கும் வாசகம் இது:

```
ஆர்டர் 1042 அனுப்பப்பட்டது. கூரியர் எண் 12345678901.
```

இது 52 இடம். கடைப் பெயருக்கு இன்னும் 18 இருக்கிறது. மரியாதைக்கு ஒரு 'வணக்கம்' போடலாமே என்று கை துறுதுறுக்கும். அதை மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எஸ்எம்எஸ்ஸை `Completed` நிலையோடு இணைத்து, பார்சலைக் கூரியரிடம் கொடுத்த பிறகே அந்த நிலைக்கு மாற்றுங்கள். `Processing` நிலையோடு இணைத்தால், பெட்டி கட்டுமுன்பே 'அனுப்பப்பட்டது' என்று போய்விடும்.