பாட்டியின் ஊறுகாய்க்கு வெப்சைட்: பேரன்கள் செய்யும் தவறுகள்

வீட்டுத் தொழில் செய்பவர்களுக்குச் சின்னச் சின்ன வெப்சைட் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஊறுகாய், வடாம், பொடி வகைகள்தான் அதிகம் வரும். பெரும்பாலும் பேரனோ பேத்தியோ முதல் சைட்டைப் போட்டுவிட்டு, ஏதாவது சிக்கல் வந்த பிறகுதான் என்னைத் தேடுவார்கள். ஆரம்பத்தில் நாங்களெல்லாம் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. கும்பகோணத்துப் பாட்டி ஒருவரின் கதையை வைத்து மற்றதைச் சொல்கிறேன்.

பச்சை மாவடுவைப் படம் எடுப்பது

பாட்டியின் கைராசி மாவடுவில். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு ஜாடியில் குலுக்கி வைப்பார். பேரன் கல்லூரி மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தவன் அந்த முதல் நாளிலேயே படம் எடுத்துவிட்டான். பளபளவென்று பச்சையாக, பார்க்கவே நாக்கு ஊறும். ஆனால் வாங்கியவர்கள் கைக்குப் போனது, நன்றாக ஊறிச் சுருங்கிப் பழுப்பேறிய மாவடு. அதுதான் சரியான பதம். அது தெரியாத ஒருவர், "கெட்டுப்போனதை அனுப்பிவிட்டீர்கள்" என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார். பாட்டிக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. பாட்டிலில் அடைத்து அனுப்பும் நிலையில் சரக்கு எப்படி இருக்கிறதோ, அதைத்தான் படம் எடுக்க வேண்டும்.

டொமைனை யாருடைய மெயிலில் வாங்கினீர்கள்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் தீராத விஷயம் இது.

பேரன் பாட்டியின் பெயரிலேயே ஒரு .com முகவரி வாங்கினான். நல்ல பெயர், சொன்னால் மனதில் நிற்கும். ஆனால் கணக்குத் தொடங்கியது அவனுடைய கல்லூரி மெயிலில். பாஸ்வேர்ட் மறந்தால் அதை மாற்றும் லிங்க் போவதும், புதுப்பிக்கச் சொல்லி வரும் எச்சரிக்கைகள் போவதும் அந்த ஒரே மெயிலுக்குத்தான். பாட்டியோ ஆசையாசையாகப் புது லேபிள் அடித்தார். இரண்டாயிரம் லேபிள், ஒவ்வொன்றிலும் அந்த முகவரிக்குப் போகும் க்யூஆர் கோடு.

மே மாதம் அவன் படிப்பு முடிந்தது, கல்லூரி மெயிலை மூடிவிட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் டொமைன் காலாவதி ஆனது. விற்ற நிறுவனம் விதிப்படி எச்சரிக்கை அனுப்பித்தான் இருக்கும்: சுமார் ஒரு மாதம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று, காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்று. படிக்கத்தான் ஆள் இல்லை. "ஆட்டோ ரினியூ போட்டிருந்தேனே அண்ணா" என்றான். அது ஒரு வெளிநாட்டு நிறுவனம், இவன் கொடுத்திருந்தது இந்திய டெபிட் கார்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி அமலுக்கு வந்ததிலிருந்து, முறையாக அனுமதி பதிவு செய்யாமல் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முயற்சிகளை வங்கி அப்படியே நிராகரித்துவிடும். அந்தத் தகவலும் மூடிய மெயிலுக்குத்தான் போயிருக்கும்.

ஒரு .com முகவரி காலாவதி ஆனவுடனே கைவிட்டுப் போவதில்லை. முதலில் 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதற்குள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். ஆனால் எத்தனை நாள் விடுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சைட் மட்டும் சில நாளிலேயே மறைந்து, அந்த இடத்தில் விளம்பரப் பக்கம் வந்துவிடும். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அப்போதும் மீட்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். கடைசியாக 5 நாள். அந்த ஐந்து நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்தால் முகவரி பொதுச் சந்தைக்கு வந்துவிடும். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று lookup.icann.org பக்கத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். redemptionPeriod என்று இருந்தால் அன்றைக்கே பணத்தைக் கட்டுங்கள். pendingDelete என்று மட்டும் இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவர்கள் பார்க்கவே இல்லை. ஆர்டர் பாதி வாட்ஸப்பில் வந்துகொண்டிருந்ததால் சைட் போனதே யாருக்கும் உறைக்கவில்லை. தீபாவளி நெருக்கத்தில், சென்னையில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் மாமி ஒருவர் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலில் இருந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணினார். திறந்தது ரம்மி விளையாட்டுப் பக்கம். மாமி நேராகப் பாட்டிக்கே போன் போட்டு, "என்னடி, சீட்டாட்டம் ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டாராம்.

பழகிய பெயர், ஏற்கெனவே ஆட்கள் வந்துபோகும் முகவரி என்றால் அதைப் பிடிக்கவே ஆட்கள் காத்திருப்பார்கள். திரும்ப வாங்கக் கேட்டால் அவர்கள் சொல்லும் விலைக்குப் பாட்டி பல நூறு கிலோ மாங்காய் வாங்கிவிடலாம். கடைசியில் வேறு பெயரில் .in முகவரி ஒன்று வாங்கினோம். மிச்சமிருந்த லேபிள்களில் பாட்டியும் மருமகளும் உட்கார்ந்து க்யூஆர் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். லேபிளில் போன் நம்பர் இருந்தது ஒன்றுதான் பிழைக்க வைத்தது.

இதைத் தவிர்ப்பதற்கான வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. தொழிலுக்கென்று தனியாக ஒரு மெயில் தொடங்கி, அதைப் பாட்டியின் போனிலேயே திறந்து வையுங்கள். டொமைனைப் பாட்டியின் ஆதாரில் இருக்கும் பெயரில் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் தகராறு வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். மாற்று மெயிலாக மகனுடையதோ மருமகளுடையதோ இருக்கட்டும். முடிந்தால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள். அதிகபட்சம் பத்து வருடம் வரை கட்டலாம். காலாவதித் தேதியைப் பாட்டி சரக்குக் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைத் தினமும் திறப்பது அவர் ஒருவர்தான்.

கூரியர் எடையை ஊறுகாய் எடையாக நினைப்பது

300 கிராம் ஊறுகாய், கண்ணாடி பாட்டிலோடு 500 கிராம்தானே என்று அரைக் கிலோ கட்டணத்தை சைட்டில் போட்டிருந்தான். பாட்டில் உடையாமல் இருக்க நாலு பக்கமும் பபிள் சுற்றினால் பெட்டி 15 × 15 × 20 செ.மீ. ஆகிவிடும். பல கூரியர்கள் இந்த மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள்: 4500 / 5000 = 0.9 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்றிக் கணக்கிட்டால் இது ஒரு கிலோ கட்டணம். வித்தியாசம் முழுக்கப் பாட்டியின் லாபத்திலிருந்து போனது. முதலில் ஒரு பாட்டிலை நிஜமாகவே பேக் செய்து, டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் விலை போடுங்கள்.

சீசன் சரக்கு

மாவடு மாசி, பங்குனியில் போடுவது. ஜாடி காலியானதும் வாங்கும் பட்டனை எடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ் எண்

உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் லேபிளிலும் இருக்க வேண்டும், சைட்டிலும் இருக்க வேண்டும்.

"இந்தியா முழுவதும் அனுப்பப்படும்"

யோசிக்காமல் எழுதுகிற வரி இது. விற்பனை குறைவாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்ற சலுகை, ஊறுகாய் போன்ற வரியுள்ள சரக்கை மாநிலம் தாண்டி விற்கும்போது கிடைக்காது. கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு பாட்டில் விற்றாலும் பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யும் வரை பின்கோடு பட்டியலில் தமிழ்நாட்டை மட்டும் வைத்திருங்கள்.