"பழைய மாத்திரைகளைத் தொடரவும்": டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் இதய வார்டில் வீட்டுக்குப் போகிற எல்லோருக்கும் ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கத் தாளும் கொடுப்போம். சம்மரியைப் பார்த்து, வீட்டாருக்குப் புரிகிற மாதிரி நர்ஸ்கள்தான் அதை எழுதுவோம். போன மாதம் புதிதாக வந்த மூன்று பெண்களிடம் ஒரே சம்மரியைக் கொடுத்து எழுதச் சொன்னேன். மூன்று தாளிலும் கடைசி வரி ஒன்றுதான்: "பழைய மாத்திரைகளைத் தொடரவும்." எட்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

எழுத்துப்பிழை, கிறுக்கல் கையெழுத்து பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை பார்த்ததும் தெரிந்துவிடும். தாள் பார்க்க அழகாக இருந்தும் ஆளைப் படுக்க வைக்கிற தவறுகள்தான் இங்கே.

## "பழைய மாத்திரைகளைத் தொடரவும்"

அவருக்கு 64 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார். சம்மரியில் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடோர்வாஸ்டாடின் 40, மெட்டோப்ரோலால் 50, ராமிப்ரில் 2.5, வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் 40. எல்லாவற்றுக்கும் கீழே, மற்ற மருந்துகளை முன்போலவே தொடரச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் அதை அப்படியே தமிழில் எழுதி, குடும்பத்தார் கையில் கொடுத்து, வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் குளியலறையில் விழுந்து, நெற்றி பிளந்து வந்தார். நாடித்துடிப்பு 38. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிற ஆள் தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசிந்திருக்குமோ என்ற பயம் வரும். சி.டி. ஸ்கேன், மூன்று நாள் ஐ.சி.யூ., ஏழு தையல். நல்லவேளையாக ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

காரணம் அவருடைய மகள் கொண்டுவந்த மஞ்சப்பையில் இருந்தது. அதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டெனோலால் 50 மி.கி. அட்டை, பாதி காலியாக. ஆறு வருடமாக பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரை. அட்டெனோலாலும் மெட்டோப்ரோலாலும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டுமே இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும். புதிதாக நாங்கள் கொடுத்தது ஒன்று, பழசைத் தொடரச் சொல்லி எழுதியதால் இன்னொன்று. தினமும் காலையில் இரண்டையும் போட்டிருக்கிறார். தாள் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

"பேஷன்ட் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அன்று ஒரு டாக்டர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். பெயர் வேறு, நிறம் வேறு, கொடுத்த இடம் வேறு. இரண்டும் ஒன்றையே செய்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. அட்மிஷன் தாளில் முதல் பத்தியிலேயே அட்டெனோலால் என்று எழுதியிருந்தது. வார்டு மருந்து சார்ட்டில் அது இல்லை, டிஸ்சார்ஜ் பட்டியலிலும் இல்லை. டாக்டர் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தார். ஆனால் "நிறுத்தினோம்" என்று யாரும் எங்கும் எழுதவில்லை.

அதனால் இப்போது எழுத உட்காரும் முன் அட்மிஷன் தாள், வார்டு மருந்து சார்ட், டிஸ்சார்ஜ் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதல் தாளில் இருந்து கடைசித் தாளில் காணாமல் போன மருந்து எதுவானாலும் டாக்டரிடம் ஒரே கேள்வி: "இது நிறுத்தினதா, மறந்ததா?" இரண்டும் நடக்கும். தைராய்டு மாத்திரை பட்டியலில் விட்டுப்போய், வீட்டில் இரண்டு மாதம் போடாமல் இருந்த அம்மாவையும் பார்த்திருக்கிறேன். எதை நிறுத்துவது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சந்தேகத்தைக் கேட்டு, பதிலை எழுதுவது மட்டும்தான் நம் வேலை.

தாளில் இல்லாத மருந்துகளும் உண்டு. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். வருடக்கணக்காகச் சாப்பிடுகிற பிரஷர், சுகர் மாத்திரையைப் பலர் "மாத்திரை" கணக்கில் சேர்ப்பதே இல்லை. "வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்புறம், "முட்டி வலிக்கு மெடிக்கல்ல ஏதாவது வாங்கிப் போடுவீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்கும் ஆகாது. மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் பையிலாவது அது இருக்கும்.

அந்தப் பெரியவருக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி:

நிறுத்த வேண்டியது: அட்டெனோலால் 50 (சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரை). இனிமேல் போடக் கூடாது. இதற்குப் பதிலாகத்தான் மெட்டோப்ரோலால் கொடுத்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நாடி குறைந்து மயக்கம் வரும். சுகாதார நிலையத்தில் மறுபடி கொடுத்தால் இந்தத் தாளைக் காட்டவும்.

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிறவருக்கு நம் வார்டில் நடந்தது தெரியாது.

இப்போது எங்கள் தாளில் நிறுத்தியவைதான் முதலில் வரும், அதற்குக் கீழே புதியவை, பிறகு தொடர்பவை. புது மாத்திரையை வாங்கவே மெடிக்கலுக்குப் போவார்கள், அதை மறக்க வழியில்லை. நிறுத்திய மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கிறது. சொல்லாவிட்டால் கை தானாக அதை எடுத்துவிடும்.

## 30 நாள் என்றால் என்ன?

சம்மரியில் குளோபிடோக்ரெலுக்கு எதிரே "30 நாள்" என்று இருக்கும். அடுத்த முறை பார்க்கிற வரைக்கும் வாங்க வேண்டிய அளவு அது. வீட்டில் அதை வேறு மாதிரி படிப்பார்கள்: 30 நாளில் கோர்ஸ் முடிந்தது. காய்ச்சல் மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டு நிறுத்திய பழக்கம்தானே நமக்கு.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் பொதுவாக ஒரு வருடம் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். அதனால் டாக்டரிடம் முடிவு மாதத்தைக் கேட்டு, "அட்டை தீர்ந்தால் அன்றே அடுத்த அட்டை வாங்கவும். பல் பிடுங்குவதற்கோ வேறு ஆபரேஷனுக்கோ நிறுத்தச் சொன்னால், முதலில் எங்களிடம் கேட்கவும்" என்று எழுதுகிறேன். பல் டாக்டர் சொன்னார் என்று நிறுத்திவிட்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

## தூய தமிழ் மோகம்

நானும் ஆரம்பத்தில் "நாவடியில் வைக்கவும்" என்று எழுதினவள்தான். சார்பிட்ரேட் மாத்திரையைப் பற்றி. ஒரு மகன் போன் செய்து "நாவடின்னா எந்தக் கடையில கிடைக்கும் சிஸ்டர்?" என்று கேட்டார். நாக்குக்கு அடியில். அவ்வளவுதான். குருதியழுத்தம் வேண்டாம், பிரஷர். நீரிழிவு வேண்டாம், சுகர்.

## மாத்திரையின் நிறத்தை எழுதுவது

கம்பெனி மாறினால் நிறமும் மாறும். மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் எழுதுங்கள்.

## "உடம்பு சரியில்லை என்றால் வரவும்"

இதற்கு அர்த்தமே இல்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு ஒரு மாதம் வரைக்கும் எது சரி, எது சரியில்லை என்று எப்படித் தெரியும்? கையில் சின்னதாக நீலம் பாய்ந்தாலே சிலர் ராத்திரி கிளம்பி வந்துவிடுவார்கள். வேறு சிலர் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதை நான்கு நாள் பார்த்துக்கொண்டு, "இரும்புச் சத்து மாத்திரையாலதான் போல" என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஒவ்வொரு அறிகுறிக்குப் பக்கத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே உட்காரவும், நின்றுகொண்டு வேண்டாம். சார்பிட்ரேட் 5 மி.கி. ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கவும். பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம், அதற்காகத்தான் உட்காரச் சொல்கிறோம். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. சொந்தக் காரைத் தேட வேண்டாம், பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டாம்.

கறுப்பு மலம், ரத்த வாந்தி வந்தாலும் 108-தான். மயக்கம் வருகிற மாதிரி இருந்து நாடி 50-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே. நாடி எண்ணுவதை டிஸ்சார்ஜ் அன்று வீட்டாருக்குக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்லுவேன். வறட்டு இருமல் வந்தால் அவசரம் இல்லை, ராமிப்ரிலால் வருவதுண்டு. பகலில் வார்டுக்குப் போன் செய்தால் போதும், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சின்ன நீலத் தழும்பு வரத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள். பாதிப் போன் குறைந்துவிடும்.

## "இரண்டு வாரம் கழித்து"

எந்த நாளிலிருந்து இரண்டு வாரம்? ஒருவர் ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் ஆனார். இரண்டு வாரம் கழித்து என்றால் 15, அதுவும் ஞாயிறு. அன்று ஓ.பி. கிடையாது. அவர் பஸ் ஏறி வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்து வந்தது ஒரு மாதம் கழித்து. ராமிப்ரில் ஆரம்பித்தவருக்கு ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும், அது தள்ளிப்போய்விட்டது.

இப்போது "17.06.2025, செவ்வாய், காலை 9 மணி, ஓ.பி. அறை 4. ரத்த டெஸ்ட் உண்டு, சாப்பிட்டுவிட்டு வரலாம். மாத்திரைப் பையையும் இந்தத் தாளையும் கொண்டுவரவும்" என்று எழுதுகிறோம். சாப்பிடலாமா கூடாதா என்பது முக்கியம். ரத்த டெஸ்ட் என்றாலே வெறும் வயிற்றோடு வந்து, காலை மாத்திரையையும் போடாமல் வரிசையில் மயங்கி விழுவார்கள். தேதியை எழுதும் முன் "அன்னிக்கு வர முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். அஷ்டமி, நவமி என்று தயங்கினால் அடுத்த ஓ.பி. நாளைப் போட்டுவிடலாம். வராமலே போவதற்கு அது பரவாயில்லை.

## எஸ்.ஓ.எஸ்.

தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். எப்போது தேவைப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

## தவறான ஆளிடம் விளக்குவது

கட்டிலில் இருக்கிற ஐயாவிடம் நின்று நிதானமாக எல்லாம் விளக்கினேன், தலையை ஆட்டினார். வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பது மருமகள். அந்த நேரம் அவர் பில் கவுன்டரில் இருந்தார். இப்போது முதல் கேள்வியே "வீட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்குறது யாரு?" என்பதுதான். அவர் வந்த பிறகுதான் தாளைப் பிரிப்பேன். நான் படித்துக் காட்டி முடித்ததும் தாளை அவர் கையில் கொடுத்து, "நாளைக்குக் காலையில எதெல்லாம் எடுப்பீங்க, எதைத் தூக்கிப் போடுவீங்க, காட்டுங்க" என்பேன். பையில் இருக்கிற அட்டைகளை மேசையில் பரப்பி அவரே பிரிப்பார்.

புதிதாக வந்த மூவரில் ஒருத்தி நேற்று இப்படிச் செய்து பார்த்தாள். அந்த மருமகள் அட்டெனோலால் அட்டையை எடுத்து, "இது பழசு, தொடரணும்ல?" என்று காலை மாத்திரைப் பக்கம் வைத்தாராம். தாளில் நிறுத்த வேண்டியது என்று முதல் வரியிலேயே இருந்தது. இவள் அந்த வரியைக் காட்டி, அட்டையின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சிவப்புப் பேனா எனக்குத் தோன்றாத யோசனை. இன்று காலை நான்கு வாங்கி நர்ஸ் மேசையில் வைத்திருக்கிறேன்.