ரிட்டயர் ஆனது கணவர், வேலை கூடியது மனைவிக்கு

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. அந்த வயதில் கணவர் வீட்டுக்கு வந்து உட்காரும்போது மனைவிக்குப் பெரும்பாலும் ஐம்பத்தைந்தை ஒட்டி இருக்கும். முப்பது வருடமாகக் காலை ஒன்பதரைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பிய மனிதர், இப்போது பகல் முழுக்க ஹாலில் இருக்கிறார். பென்ஷன் விண்ணப்பத்துக்காக இரண்டு பேரும் ஜோடியாக உட்கார்ந்து போட்டோ எடுத்திருப்பார்கள். வேலை நாளின் பகல் பதினொரு மணிக்கு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது பல வருடங்களில் அதுதான் முதல் தடவையாகவும் இருந்திருக்கும்.

முதல் தவறு, "எனக்கு ஓய்வு கிடைத்தது, இனி இருவருக்கும் நிம்மதி" என்று நினைப்பது. வீட்டைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஓர் ஓய்வு நேரம் இருந்தது. ஆட்கள் கிளம்பிய பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வீடு அவருடையது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று பல கணவர்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தனியாக இருந்தபோது முந்தின நாள் வத்தக்குழம்பு, காலையில் வடித்த சோறு, ஒரு அப்பளம். இரண்டு மணிக்கோ இரண்டரைக்கோ, டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முடித்துவிடுவார். அப்புறம் ஒரு மணி நேரம் தூக்கம். இப்போது ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாதம், ரசம், பொரியல், தயிர். நடுவே பதினொன்றுக்கு ஒரு டீ, நாலு மணிக்கு இன்னொன்று. ஆபீஸில் கேன்டீன் பையன் கொண்டுவந்த டீ அது. பகல் தூக்கம் போச்சு, சீரியல் நேரத்தில் செய்தி சேனல் ஓடுகிறது. "உட்கார்ந்து சாப்பிடத்தானே கேட்டேன், இதில் என்ன கோபம்?" என்று அவருக்குத் தோன்றும். அவர் கேட்டது ஒரு டீதான், உண்மை. போனது அந்த அம்மாவின் மத்தியானம்.

ஜப்பானில் நொபுவோ குரோகாவா என்ற மருத்துவர் 1991இலேயே இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக எடுத்துச் சொன்னார். கணவர் ஓய்வுபெற்று வீட்டில் தங்கிய பிறகு மனைவிக்கு வரும் தலைவலி, வயிற்றுக்கோளாறு, தூக்கமின்மை ஆகியவற்றைப் பற்றியது அது. நம் ஊரில் அந்த அம்மாள் "பிரஷர் ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது மேற்பார்வை. இதுதான் அதிக வீடுகளைக் குலைக்கிறது என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த திருச்சி வீடு ஒன்று. அவர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினைந்து பேரை வேலை வாங்கிப் பழகியவர். வீட்டில் இருக்க ஆரம்பித்த மறுமாதம், நல்ல எண்ணத்தோடுதான், அடுக்களை அலமாரியை ஒழுங்குபடுத்தினார். டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டி, உயர வாரியாக அடுக்கிவைத்தார். துவரம்பருப்பும் புளியும் மேல்தட்டுக்குப் போயின. தினமும் மூன்று தடவை எடுக்கிற சாமான், முட்டிவலிக்காரருக்கு எட்டாத உயரத்தில். பிறகு கேள்விகள்: "கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?", "வேலைக்காரம்மா இன்னைக்கு இருபது நிமிஷம் லேட், கவனிச்சியா?" அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச்சையே குறைத்துவிட்டார். சண்டை இல்லாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இவர் எடுத்துக்கொண்டார்.

அங்கே நிலைமை மாறியது அவர் மேற்பார்வையை விட்டு ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகுதான். "முழுசாக" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆரம்பத்தில் அவரும் காய்கறி வாங்கப் போனார். காந்தி மார்க்கெட்டில் நின்றுகொண்டு நாலு போன்: "கத்திரிக்காய் எவ்வளவு? பச்சையா, வயலட்டா? வாழைக்காய் உண்டா?" கால் நடந்தது இவருடையது, தலை வேலை செய்தது அந்த அம்மாவுடையது. உதவி என்று இதைத்தான் பலர் சொல்கிறார்கள். பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பது, வாரத்துக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வது, வாங்குவது, கழுவித் துடைத்து உள்ளே வைப்பது, கீரையை ஆய்ந்து கொடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே காலை டிபனுக்குப் பிறகு அடுக்களை மேடை துடைப்பதும், பதினொரு மணி டீயும். டீ போட்டு அந்த அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட வேண்டும். சீட்டு ஒட்டிய டப்பாக்கள் கீழே இறங்கின.

இதில் மனைவி செய்யும் தவறும் உண்டு. முதல் வாரம் அவர் முற்றின வெண்டைக்காயோடு வந்தார். "நீங்க செஞ்சா எனக்கு ரெண்டு வேலை, விடுங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. மனிதர் நிம்மதியாகப் பேப்பருக்குத் திரும்பிவிடுவார். முற்றின வெண்டைக்காயைப் புளிக்குழம்பில் போட்டுத் தீர்த்துவிட்டு, நுனியை ஒடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் சரியாகிவிடும். இன்னொன்று, கணவர் காதில் விழும்படி மகளுக்குப் போன் போட்டு "உங்கப்பா படுத்துற பாடு இருக்கே" என்று ஆரம்பிப்பது. ஆபீஸில் மரியாதையோடு இருந்தவர், வீட்டுக்கு வந்து புகாராகிப்போனது அவருக்கு வலிக்கும். அவர் அதைச் சொல்லமாட்டார், வேறெதற்காவது கத்துவார்.

வெளியே கிளம்புவதும் ஒரு தகராறு. "எங்க போற? எப்ப வருவ? நானும் வரட்டுமா?" கோயிலுக்கும் தையல் கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இதே மூன்று கேள்வி. அக்கறைதான், ஆனால் முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் போய்வந்தவருக்கு அது காவல். வாரத்தில் சில பொழுதாவது மனைவி தனியாக வெளியே போக வேண்டும், கணவரும் தனியாக எங்கேயாவது போக வேண்டும். நூலகமோ பென்ஷனர் சங்கமோ நடைப்பயிற்சியோ, எதுவானாலும் சரி. முக்கியமானது, கணவர் போகும் நேரம் நிலையாக இருப்பது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை வீடு காலியாக இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்த அம்மா அந்த நேரத்தைத் தனதாக வைத்துக்கொள்ள முடியும்.

பணத்தில் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒன்றாம் தேதி வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருந்தவர், பொழுது இருக்கிறதே என்று தினமும் கணக்குக் கேட்பது. கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷன் பணமும் எவ்வளவு வந்தது, எங்கே போட்டார் என்று மனைவிக்குச் சொல்லாமலே கொத்தமல்லிக்கட்டுக்குக் கணக்குக் கேட்டால் அது எடுபடாது. மாதத் தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள், அதற்குள் நடப்பதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, குணத்தின் மேல் பழி போடுவதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். அதனால் பேசுவது கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவி வார்த்தை பிடிபடாது. மிக்ஸியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடினால் இன்னும் மோசம். அடுக்களையிலிருந்து மனைவி கூப்பிடுவார், ஹாலில் இருப்பவர் "ம்" என்பார், அப்புறம் "நீ எப்பச் சொன்ன?" என்பார். இத்தனை நாள் ராத்திரி மட்டும் இரண்டு மணி நேரம் பேசியபோது இது வெளியே தெரியவில்லை. டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதா, எதிரில் நின்று முகம் பார்த்துச் சொன்னால் மட்டும் சரியாகப் புரிகிறதா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுத்துவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தம் கேட்கும்போது கையைத் தூக்குவதுதான் பரிசோதனை. போகிற போக்கில் மனைவியும் எடுத்துக்கொள்வது நல்லது, காது கேட்காதவர் கணவர் ஒருவர்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.