டைல்ஸ் கடைக்காரருக்கு ஒரு கடிதம்: ஒரே பேட்ச்சில் கூடுதல் பாக்ஸ் கேட்பது எப்படி?

என் முதல் மளிகைக் கடையில் தரை போட்டு மூன்று வருடம் கழித்து, அடியில் போன தண்ணீர்க் குழாய் கசிந்தது. ஆறு டைல்ஸை உடைத்துத்தான் குழாயை மாற்ற முடிந்தது. வாங்கிய கடைக்குப் போனேன். அதே டிசைன், அதே கம்பெனி, பாக்ஸில் அதே பெயர். கொண்டுவந்து பதித்த பிறகு பார்த்தால் கல்லாவுக்கு எதிரில் கட்டம் போட்ட மாதிரி ஆறு டைல்ஸ் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. பேட்ச் வேறு. இரண்டாவது கடைக்குத் தரை போட்டபோது டைல்ஸ் லோடு கிளம்பும் முன்பே ஒரு கடிதம் எழுதினேன். அதை எப்படி எழுதினேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

பேட்ச் என்றால் என்ன

களிமண் கலவை, மேலே பூசும் கிளேஸ், சூளையின் சூடு என்று எது கொஞ்சம் மாறினாலும் டைல்ஸின் நிறம் மாறும். குஜராத்தின் மோர்பியில் இருந்து வரும் டைல்ஸானாலும் வேறு எங்கிருந்து வந்தாலும் இதுதான் நிலை. அதனால் ஒரு ஓட்டத்தில் சுட்டு எடுத்ததற்கு ஒரு பேட்ச் எண், நிறத்துக்கு ஒரு ஷேடு எண் கொடுத்து பாக்ஸின் பக்கவாட்டில் அச்சடிக்கிறார்கள்.

நிறத்தோடு அளவும் மாறும் என்பது பலருக்குத் தெரியாது. சூளையில் டைல்ஸ் சுருங்கும். அந்தச் சுருக்கம் எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி இருக்காது. 600 மி.மீ. என்று சொல்லப்படும் டைல்ஸ் ஒரு பேட்ச்சில் அரை மி.மீ. கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம். ஒரு டைல்ஸில் அது தெரியாது. இருபது டைல்ஸ் வரிசையாகப் போகும்போது ஜாயிண்ட் கோடு வளைந்து நிற்கும். சில கம்பெனிகள் அளவுக்கும் தனி எண் போடுகிறார்கள். ஆக, கடிதத்தில் ‘அதே டிசைன்’ என்று எழுதினால் போதாது. பேட்ச், ஷேடு, அளவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

முதல் படி: எத்தனை வேண்டும் என்று டைல்ஸாக எண்ணுங்கள்

கடிதம் எழுத உட்காரும் முன் கணக்கு முடிந்திருக்க வேண்டும். என் கடை 18 அடி அகலம், 40 அடி நீளம். மொத்தம் 720 சதுர அடி. எடுத்தது இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், பாக்ஸுக்கு நான்கு. டைல்ஸ் கடையில் ஒரு பாக்ஸ் 16 சதுர அடி என்று கணக்குப் போட்டு 45 பாக்ஸ் போதும் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு என்பது பேச்சு வழக்குதான். உண்மையான அளவு 600 மி.மீ.; இரண்டு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. நான்கு டைல்ஸ் சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. இந்தக் கணக்கில் தரைக்கு மட்டுமே 47 பாக்ஸ் ஆகிறது.

அதுவும் பரப்புக் கணக்குதான், வெட்டுக்கு இடமில்லை. அதனால் நானும் மேஸ்திரியும் ஒரு தாளில் கட்டம் போட்டோம். 18 அடி அகலத்தில் ஒன்பது முழு டைல்ஸ் போட்டால் ஓரத்தில் ஆறு சென்டிமீட்டர் பட்டைதான் மிஞ்சும். அவ்வளவு மெல்லிய பட்டை வெட்டும்போதே உடையும், பதித்த பிறகும் நிற்காது. மேஸ்திரி நடுவில் எட்டு முழு டைல்ஸும் இரண்டு ஓரத்திலும் சுமார் 33 செ.மீ. துண்டுகளும் போடச் சொன்னார். ஒரு டைல்ஸில் இருந்து இப்படி ஒரு துண்டுதான் வரும். ஆக வரிசைக்குப் பத்து டைல்ஸ். ஷட்டரில் இருந்து முழு டைல்ஸாகத் தொடங்கினால் இருபது வரிசை. பின்சுவரை ஒட்டி 15 செ.மீ. மீதி. இருபது வரிசைக்கு 200 டைல்ஸ், அதாவது 50 பாக்ஸ். ஓரத்தில் வெட்டி மிஞ்சிய 26 செ.மீ. துண்டுகளிலேயே பின்சுவர்ப் பட்டைக்கும் நாலு அங்குல ஸ்கர்ட்டிங்குக்கும் சரியாக வந்துவிட்டது.

45 எங்கே, 50 எங்கே. இந்த ஐந்து பாக்ஸ் வித்தியாசம் பாதி வேலையில் தெரியவந்தால், மிச்சத்துக்கு வேறு பேட்ச்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: உடைசலையும் பழுதையும் பிரியுங்கள்

கூடுதல் பாக்ஸ் என்று மொத்தமாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு, கேட்கும் நிபந்தனையும் வேறு.

வேலையின்போது வெட்டும் இடத்தில் சிதறுவது, தட்டும்போது மூலை போவது எல்லாம் உடைசல். நேராகப் பதிக்கும் தரைக்கு நான் ஆறு சதவீதம் வைத்தேன்: 200க்கு 12 டைல்ஸ், மூன்று பாக்ஸ். டைல்ஸைக் கோணலாகப் பதித்தால் வெட்டு அதிகம், இது போதாது. அப்போது மேஸ்திரியோடு மறுபடி கட்டம் போட்டு எண்ண வேண்டும்.

பழுதுக்குச் சதவீதம் பார்க்காதீர்கள். கடையைச் சுற்றி நடந்து, பின்னால் எங்கே தரையை உடைக்க வேண்டிவரும் என்று பாருங்கள். என் கடையில் வாஷ்பேசினில் இருந்து வெளிச்சுவர் வரை தரைக்கு அடியில் 12 அடி குழாய் போகிறது. அது கசிந்தால் ஆறு டைல்ஸ் உடையும். ஷட்டர் வாசலில் அரிசி மூட்டை இறக்கும் இடத்துக்கு மூன்று. ஃப்ரீசர் நிற்கும் இடத்துக்கு மூன்று. மொத்தம் 12 டைல்ஸ், இன்னும் மூன்று பாக்ஸ்.

லாரியில் வரும்போது உடைவது இந்த இரண்டிலும் சேராது. அது நம் கணக்கில் வரக் கூடாது. இறக்கும்போதே பார்த்து, டெலிவரி சலானில் எழுதி, மாற்றுக் கேட்க வேண்டியது. கடிதத்தில் அதற்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் ‘அதற்குத்தானே கூடுதல் பாக்ஸ் வாங்கினீர்கள்’ என்பார்கள்.

மூன்றாம் படி: லோடு கிளம்பும் முன் எழுதுங்கள்

போனில் பேசியது குடோனில் பாக்ஸ் ஏற்றும் ஆளுக்குப் போய்ச் சேராது. எழுத்தில் இருந்தால் ஆர்டர் தாளோடு சேர்த்து வைப்பார்கள். முன்பணம் கொடுத்த அன்றே எழுதினால் நல்லது. கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்புங்கள். நான் எழுதியது இதுதான்:

> அனுப்புநர்
> (உரிமையாளர் பெயர், கடையின் பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்
> உரிமையாளர் அவர்கள்,
> (டைல்ஸ் கடையின் பெயர், முகவரி)
>
> பொருள்: தரை டைல்ஸ் 50 பாக்ஸ் ஆர்டருடன், அதே பேட்ச்சில் கூடுதலாக 6 பாக்ஸ் கேட்பது தொடர்பாக.
>
> ஐயா, வணக்கம்.
>
> எங்கள் கடைத் தரைக்காகத் தங்களிடம் 600 × 600 மி.மீ. விட்ரிஃபைட் டைல்ஸ் (டிசைன் பெயர், ஆர்டர் எண், தேதி) 50 பாக்ஸ் முன்பணம் செலுத்தி ஆர்டர் கொடுத்துள்ளேன். அதனுடன் கீழ்க்கண்டவாறு 6 பாக்ஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது.
>
> வேலையின்போது ஏற்படும் உடைசலுக்கு: 3 பாக்ஸ்
> பிற்காலப் பழுதுக்கு இருப்பு வைக்க: 3 பாக்ஸ்
> ஆர்டருடன் சேர்த்து மொத்தம்: 56 பாக்ஸ்
>
> இந்த 56 பாக்ஸும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு எண், ஒரே அளவு உடையவையாக இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் அந்த எண்களை எனக்குத் தெரிவிக்கவும். ஒரே பேட்ச்சில் 56 பாக்ஸ் இருப்பு இல்லை என்றால், வேறு பேட்ச் கலந்து அனுப்பாமல் முதலில் என்னிடம் கேட்கவும்.
>
> கூடுதல் பாக்ஸுக்கும் ஆர்டரில் பேசிய அதே விலை போட வேண்டுகிறேன். உடைசலுக்கான 3 பாக்ஸில் பிரிக்காதவை மிஞ்சினால், வேலை முடிந்து 15 நாட்களுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புதல் தேவை. லாரியில் உடைந்து வருபவை இந்தக் கணக்கில் சேராது. இறக்கும்போது சலானில் குறித்துத் தருகிறேன், அவற்றுக்கு அதே பேட்ச்சில் மாற்றுத் தரவும்.
>
> வரும் சனிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தந்தால் மேஸ்திரிக்கு நாள் சொல்ல வசதியாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், தேதி)

பழுதுக்கான மூன்று பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பதாக நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதினால், வேலை முடிந்த மகிழ்ச்சியில் அதையும் சேர்த்து அனுப்பிவிடுவோம்.

பதில் இழுபறியாக வந்தால்

‘ஒரு பேட்ச்சில் 51 தான் இருக்கிறது, ஐந்து வேறு பேட்ச்’ என்று பதில் வரலாம். அப்போது உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் குடோன் அறை இருந்து, நடுவில் கதவு இருந்தால், வேறு பேட்ச்சை அந்த அறைக்குள் மட்டும் போடலாம். கதவுப் படியில் ஒரு கல் வரும், வித்தியாசம் கண்ணில் படாது. ஒரே தரையில் இரண்டு பேட்ச்சைக் கலப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழுதுக்கான மூன்று பாக்ஸ் மட்டும் வேறு பேட்ச்சில் வருகிறது என்றாலும் வேண்டாம். அதை வாங்கிவைத்து ஒரு பயனும் இல்லை.

எனக்கு வந்த பதிலில் பேட்ச் எண் இருந்தது, ஷேடு எண் இல்லை. திரும்பக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

லோடு வந்த அன்று

கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்ஸின் பக்கவாட்டையும் பாருங்கள். 56 பாக்ஸையும் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு இரண்டு பாக்ஸில் ஷேடு எண் வேறாக இருந்தது. சலானில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அதே லாரியில் திருப்பி அனுப்பினேன். அப்புறம் அங்கங்கே நாலு பாக்ஸைப் பிரித்து ஒவ்வொரு டைல்ஸ் எடுத்து, வெயில் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் ஷேடு வித்தியாசம் தெரியாமல் போகலாம். அந்த நாலையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு மூலையைச் சேர்த்து வைத்து, எதிர்ப்பக்க விளிம்பில் விரலை ஓட்டினால் அளவு மாறியிருப்பது தட்டுப்படும். இதையெல்லாம் பதிக்கும் முன்பே செய்ய வேண்டும். பதித்த பிறகு சொன்னால் பெரும்பாலும் யாரும் ஏற்பதில்லை. பல பாக்ஸிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும்.

வேலை தொடங்கும் முன் பழுதுக்கான மூன்று பாக்ஸை மேஸ்திரி கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அவசரத்தில் அதிலும் கை வைப்பார்கள். டைல்ஸைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிற்க வைத்து, ஈரம் படாத இடத்தில் பலகை மேல் அடுக்குங்கள். ஈரத்தில் அட்டை மக்கினால் எண்ணும் போய்விடும். நான் ஒரு பாக்ஸின் லேபிளை வெட்டி, ஜாயிண்ட் பொடியின் நிற எண்ணையும் அதிலேயே எழுதி, மின்சார மீட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.