லீவு கடிதம்: ஐந்து வரி போதும்

“தங்கச்சிக்குக் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு முடியல, நான்தான் மூத்தவன், ஒரு நாலஞ்சு நாள் லீவு வேணும்” என்று ஒரு பக்கம் நீளும் கடிதத்தில் மேனேஜர் தேடுவது தேதியைத்தான். அதுதான் அதில் இல்லை. மலேசியத் தோட்ட ஆபீஸில் தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோலை எழுதும் கிராணி ஒருவர் இப்படி எழுதலாம்:

*பொருள்: ஆண்டு விடுப்பு, 4 நாள்*

*ஐயா, தங்கையின் திருமணத்திற்காக 11.6.2026 வியாழன் முதல் 15.6.2026 திங்கள் வரை விடுப்பு வேண்டுகிறேன். 16.6.2026 செவ்வாய் வேலைக்குத் திரும்புவேன். அந்நாள்களில் காலைப் பெரட்டுப் பதிவையும் செக்ரோலையும் துணைக் கிராணி பார்த்துக்கொள்வார், அவர் சம்மதித்துள்ளார். 10ஆம் தேதி வரையிலான பதிவை முடித்து, அலமாரிச் சாவியுடன் அவரிடம் ஒப்படைப்பேன்.*

ஐந்து தேதிக்கு ஏன் 4 நாள்? நடுவில் வரும் 14ஆம் தேதி ஞாயிறு, ஓய்வு நாள். மலேசிய வேலைச் சட்டப்படி ஓய்வு நாளும் பொது விடுமுறையும் ஆண்டு விடுப்பில் கழியாது. சேர்த்து எழுதினால் ஒரு நாள் வீணாகப் போகும்.

பொறுப்பேற்பவரின் பெயரைக் கடிதத்தில் எழுதி, பக்கத்திலேயே அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்றால் கடிதம் திரும்பி வரும். அப்பாவின் உடல்நிலை இந்த லீவுக்குத் தேவையில்லை. அதைச் சேர்த்தால் எதற்காக லீவு என்ற கேள்விதான் எழும்.